அறுபதுக்குக் கீழே

எங்கள் சமையலறையில் சான்றிதழ் இல்லாத ஆள் கிடையாது. உணவு கையாளுவோர் பரீட்சை எழுதித் தேறிய காகிதங்களைச் சட்டம் போட்டு, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வரிசையாக மாட்டியிருக்கிறோம். மாஸ்டருடையது முதலில், காய் வெட்டுகிற என்னுடையது கடைசியில். நடுவில் ஒரு ஆணி காலியாக இருக்கிறது. அதில் தொங்கிய காகிதத்தில் எங்கள் எல்லோரையும்விட அதிக மதிப்பெண் இருந்தது. அதைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும், பொறாமையில் அல்ல.

அந்தக் காகிதத்துக்குச் சொந்தக்காரி மாஸ்டரின் கூடப்பிறந்த அக்கா. எல்லோரும் அவளை இதமக்கா என்றுதான் கூப்பிடுவோம். யாருக்கு எதைக் கொடுத்தாலும் "இதமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். டீ கொடுத்தாலும் அதே கேள்வி, கை கழுவத் தண்ணீர் ஊற்றினாலும் அதே கேள்வி. கேலி செய்ய வைத்த பெயர்தான். ஆனால் அவள் அதைப் பட்டம் வாங்கிய மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

அவள் புருஷன் பக்கவாதம் வந்து வருஷக்கணக்காகப் படுத்தே கிடந்தவர். ஒவ்வொரு வாய்க் கஞ்சியையும் ஊதி, ஒரு சொட்டு எடுத்து மணிக்கட்டில் விட்டுப் பார்த்து ஊட்டியே அவளுடைய நல்ல வயசு போனது. அவர் போன பிறகு கையும் காலும் சும்மா இருக்க முடியாமல் தவித்தவளை, "வீட்ல உக்காந்து சுவத்தை வெறிச்சுப் பாத்துட்டிருந்தா பைத்தியம் பிடிச்சிடும், என்னோட வா" என்று தம்பி எங்கள் முதியோர் இல்லத்துக்குக் கூட்டிவந்தார். அவர்தான் இங்கே தலைமைச் சமையல்காரர். நல்ல மனுஷன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நல்ல மனுஷனாக இருந்துகொண்டே ஒருத்தர் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

சான்றிதழ் இல்லாமல் சமையலறைக்குள் கால் வைக்க முடியாது. பரீட்சை ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. ஒரு கேள்வி, கீழே நாலு பதில், சரியானதில் ஒரு டிக். மாஸ்டர் எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். பாடம் என்றால் பெரிய பாடம்! எல்லாம் ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

"குளிர்ல வெக்கற சாப்பாடுன்னு கேட்டா அஞ்சு டிகிரி, அதுக்கு மேல போகக்கூடாது. சூட்டுல வெக்கறதுன்னு கேட்டா அறுபது, அதுக்குக் கீழ வரக்கூடாது. வேற எது கேட்டாலும், 'மேலே கண்ட அனைத்தும்'னு ஒரு பதில் இருந்தா கண்ணை மூடிட்டு அதைப் போடு."

அக்கா புத்திசாலி. கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டாள். "ஏண்டா தம்பி, அறுபதுன்னா ஏன் அறுபது? நாப்பது, அம்பது இருந்தா என்ன?"

"அக்கா, பரீட்சையில 'ஏன்'னு கேள்வியே கிடையாது. டிக்கு மட்டும் போடு."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். ஒரு கேள்விகூடத் தப்பாமல் தேறினாள். மாஸ்டர் எல்லோருக்கும் கேக் வெட்டினார்.

எங்கள் இல்லத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் பல் போனவர்கள், பாதிப் பேருக்கு வாயும் புண். சமையலறையையும் சாப்பாட்டுக் கூடத்தையும் பிரிக்கிற நீண்ட மேடையில் ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. அடியில் தண்ணீர் கொதிக்காமல் சூடாக நிற்கும், அதற்குள் குழம்புப் பாத்திரங்களை இறக்கி வைத்துவிட்டால் பரிமாறி முடிகிறவரை சூடு ஆறாது. பக்கத்தில் ஒரு திருகு, அதன் மேல் சிவப்பு எழுத்தில் டிகிரி ஓடும். காலையில் மாஸ்டர் அந்தத் திருகை மேலே ஏற்றி வைத்தால் சாயங்காலப் பந்தி முடிகிறவரை யாரும் தொடுவதில்லை. குழம்பு எப்போதும் ஆவி பறக்கும்.

அந்த ஆவிதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

எல்லோருக்கும் பரிமாறுவது அவள் வேலை. அதிலும் வாத்தியாருக்கு ஊட்டியே விடுவாள். வாத்தியார் என்பது ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். கை நடுங்கும், ஸ்பூன் வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் இருக்கும். நாக்கில் ஆறாத புண் வேறு. ஆனாலும் வாய்க்கொழுப்புக்குக் குறைச்சல் இல்லை. முதல் வாய் வைத்ததும் "ஏம்மா, எனக்குச் சிதையை இப்பவே மூட்டிட்டியா?" என்பார். கூடமே சிரிக்கும். அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வராது, கண் கலங்கும். அவள் புருஷனுக்கும் இதே மாதிரி நாக்கு வெந்த நாட்கள் உண்டாம்.

இத்தனைக்கும் தட்டில் எடுத்து வைத்து இரண்டு நிமிஷம் ஆறவிட்டால் போதும். ஆனால் கூடம் முழுக்கக் கிழவர்கள் தட்டை நீட்டிக்கொண்டு காத்திருக்கும்போது அந்த இரண்டு நிமிஷம் பெரிய நேரமாகத் தெரியும். ஒவ்வொரு தட்டாக ஆறவிடுவதற்குப் பதில் பாத்திரத்தோடு ஆறவிட்டால் எல்லோருக்கும் ஒரே இதமாக இருக்குமே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மத்தியானப் பந்தி முடிந்ததும் போகிற போக்கில் திருகைக் கீழே இறக்கிவிடுவாள். சாயங்காலப் பந்திக்குள் குழம்பு விரல் வைக்கிற சூட்டுக்கு வந்திருக்கும். ஒரு சொட்டு மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பாள். பிறகு நிம்மதியாகப் பரிமாறுவாள்.

எனக்குத் தெரியாதா என்றால், திருகை அவள் தொடுவது தெரியும். அடுப்பில் தீயைக் குறைக்கிற மாதிரி ஏதோ என்றுதான் நினைத்தேன். எனக்கும் 'ஏன்' என்ற பாடம் நடத்தப்படவில்லையே!

ஒரே ஒரு தடவை மாஸ்டர் கண்ணில் வேறொன்று பட்டது. முட்டையும் பாலும் சேர்த்த கஸ்டர்டை அக்கா ஃப்ரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். ஜில்லென்று இருந்தால் கிழவர்களுக்கு ஈறு கூசுமாம்.

"அக்கா! அஞ்சு டிகிரி! மறந்துட்டியா?" என்று மாஸ்டர் கத்தினார்.

"மறக்கலடா. அஞ்சு. சாப்பிடற நேரத்துக்குக் கொஞ்சம் குளிர் போகட்டுமேன்னு எடுத்தேன்."

"இன்ஸ்பெக்‌ஷன் வந்தா என் தலையில்ல உருளும்? உள்ள வை."

உள்ளே வைத்தாள். அவளுக்குக் கிடைத்த பாடம், இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் தம்பி தலை உருளும் என்பதுதான். கிழவர்கள் தலை உருளும் என்று அவர் சொல்லியிருந்தால் அவள் அந்த வெந்நீர்த் தொட்டி பக்கமே கை கொண்டுபோயிருக்க மாட்டாள். இதை நான் மாஸ்டரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கெட்டதே அதுதான். முதல் நாளே நாலு பேருக்கு வயிற்றைக் கலக்கியிருந்தால் அன்றோடு அது போயிருக்கும். ஒன்றும் ஆகாததால் அவள் செய்ததே சரி என்றாகிவிட்டது. வாத்தியார் தட்டைக் காலி செய்ய ஆரம்பித்தார். "இப்பதாம்மா சாப்பாடுன்னு ஒண்ணு சாப்பிடறேன்" என்றார். ஒட்டிய கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டார். அக்காவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அந்த நாள் வந்தது. கோழியும் உருளைக்கிழங்கும் போட்டுக் கெட்டியான குழம்பு. காலையிலேயே பெரிய அண்டாவில் வைத்து, மத்தியானத்துக்குப் பாதி, சாயங்காலத்துக்குப் பாதி. மத்தியானம் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிச்சம் தொட்டியிலேயே நின்றது. அக்கா வழக்கம்போலத் திருகை இறக்கினாள். சாயங்காலம் குழம்பு வாசனையாகத்தான் இருந்தது, நிறம் மாறவில்லை, ருசி மாறவில்லை. கெட்டுப்போனது கெட்டுப்போன மாதிரி நாறும் என்று நாம் நம்புகிறோமே, அது பெரிய பொய். வாத்தியார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் நான் வேலைக்கு வந்தபோது மாடியிலிருந்து வாளிகளும் துணிகளும் இறங்கிக்கொண்டே இருந்தன. சாயங்காலம் குழம்பு சாப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வயிற்றை முறுக்கித் தண்ணீராகப் போனது. வயசுப் பிள்ளைகளாக இருந்தால் ஒரு நாள் சுருண்டு படுத்து எழுந்திருப்பார்கள். மற்ற கிழவர்களும் எப்படியோ எழுந்தார்கள். வாத்தியார் உடம்பில் இழக்க ஏது தண்ணீர்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா ஆம்புலன்ஸ் வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். "சாதாரண வயித்துப்போக்கும்மா, வந்து சாப்பிடறேன்" என்றாராம். வரவில்லை.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். அதட்டல் மிரட்டல் எதுவும் இல்லை. விதிப்படி ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்த அன்றைய சாயங்காலக் குழம்பின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு, "தினமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க, நான் சும்மா பாத்துட்டிருக்கேன்" என்றார். அக்கா ஒளிக்கத் தெரியாதவள். பாத்திரத்தை இறக்கி வைத்தாள். மத்தியானம் தாண்டியதும் தன் வழக்கப்படி திருகையும் இறக்கினாள். மாஸ்டருக்கு முகம் வெளுத்துப் போனது. அப்போதுதான் அவரே அதைப் பார்க்கிறார்.

சாயங்காலம் அந்த அம்மா ஊசி மாதிரி நீளமான வெப்பமானியைக் குழம்பின் நடுவில் செருகினார். வெளியே சிவப்பு எழுத்து ஐம்பது காட்டியது. அது தண்ணீரின் சூடு. குழம்பின் நடுவில் நாற்பத்தைந்துகூட இல்லை.

"சூட்டுல வெக்கற சாப்பாடு குறைஞ்சது எவ்வளவு இருக்கணும்னு தெரியுமாம்மா?"

"அறுபது" என்றாள் அக்கா, பட்டென்று.

"தெரிஞ்சும் ஏன் குறைச்சீங்க?"

"அறுபது பரீட்சைக்குங்க. இவங்க வாய் தாங்காது."

அந்த அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரச் சொன்னார். எங்களில் யாருமே செய்யாத வேலையை, சுருக்கமாகச் செய்தார்.

"நல்லா கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஆனா சிலது விதை மாதிரி ஓட்டுக்குள்ள ஒளிஞ்சு பொழைச்சிடும். இறைச்சிக் குழம்புல அது சகஜம். அறுபதுக்கு மேல சூடு இருக்கற வரைக்கும் அதால முளைக்க முடியாது. அஞ்சுக்குக் கீழ குளிர்ல இருந்தா அநேகமா அசையாது, ஆனா சாகாது, தூங்கும். நடுவுல விட்டோம்னா முளைச்சுப் பெருகும். அதுலயும் இந்த நாப்பது, நாப்பத்தஞ்சு இருக்கே, நம்ம கைக்கு இதமா இருக்கற சூடு, அதுக்கும் அதுதான் ரொம்ப இதம். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், மதியத்துலேருந்து சாயங்காலத்துக்குள்ள கணக்கு எங்கயோ போயிடும்."

"முன்னெல்லாம் ஒண்ணும் ஆகலையேம்மா?"

"ஒவ்வொரு தடவையும் அது வரணும்னு இல்லம்மா. வந்தன்னிக்கு நீங்க அதுக்குப் படுக்கை போட்டு வெச்சிருந்தீங்க."

"அப்ப அவங்களுக்கு எப்படிக் கொடுக்கறது? சுடுமே?"

"பாத்திரத்துல சூடாவே இருக்கட்டும். தட்டுல எடுத்தப்புறம் ஆறவிட்டு ஊட்டுங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் ஆகாது."

அக்கா தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த இரண்டு நிமிஷம்தான் அவளைக் கொன்றது.

சோதனை முடிவு அந்த அம்மா சொன்னபடியே வந்தது. இல்லத்துக்கு அபராதம், மாஸ்டருக்கு எச்சரிக்கை. அக்காவுக்கு வேலை போனது. எங்கள் எல்லோருக்கும் மறுபடி பயிற்சி, இந்தத் தடவை 'ஏன்' உள்பட. இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

வாத்தியாருக்கு ஒரே மகள். தையல் கடை வைத்திருக்கிறாள், பத்து நாளைக்கு ஒரு தடவை வருவாள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே எங்கள் மேனேஜர் அவளுக்கு ஃபோன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எடுத்த எடுப்பில், "நேத்து நீங்க வந்தப்ப வெளியிலேருந்து ஏதாவது சாப்பிடக் கொடுத்தீங்களா?" என்று கேட்டார். அவள் திராட்சை கொடுத்தேன் என்றிருக்கிறாள். "கழுவிக் கொடுத்தீங்களா?" என்றார். "சரி விடுங்க, வயசானவங்க, ஒத்துக்காது" என்று வைத்துவிட்டார். எவ்வளவு நைச்சியம் பாருங்கள்! பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை. முடிவு வந்த பிறகும் அவளை யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தன் கையாலேயே அப்பாவுக்கு வினை வைத்தோம் என்று நம்புகிறவள் வந்து என்ன கேட்பாள்?

இது அக்கா காதுக்கு என் மூலமாகத்தான் போனது. வேலை போன பிறகும் நான் அவள் வீட்டுக்குப் போய்வருவேன். சொல்லி முடித்ததும் அவள் எழுந்து செருப்பைத் தேடினாள். அந்நேரம் பார்த்து மாஸ்டரும் வந்தார். விஷயம் தெரிந்ததும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? போன உயிர் வரப்போகுதா? அந்தப் பொண்ணு கேஸ் போட்டா உன்னைக் கோர்ட்டுக்கு இழுப்பாங்க, என்னையும் இழுப்பாங்க. புள்ளைகுட்டிக்காரன் நான். வாயை மூடிட்டு இரு."

"தம்பி, அவ தன் கையைப் பாத்துப் பாத்து அழுதுட்டிருப்பாடா. அந்தக் கை அவளோடது இல்ல, என்னோடது."

"அவ நாலு மாசத்துல மறந்துடுவா."

"நான் மறந்துடுவேனா?" என்றாள். பிறகு, சண்டைக்கு இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். "நீயாவது ஏன்னு தெரிஞ்சு வெச்சிருந்தியாடா? இல்ல உனக்கும் டிக்கு மட்டும்தானா?"

மாஸ்டர் வாசலை விட்டு நகர்ந்தார். அப்படியே இடிந்துபோய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்குப் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

அக்காவைத் தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன். தையல் கடையில் மகள் மட்டும்தான் இருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா. நானே வந்து உங்களைப் பாக்கணும்னு நெனச்சேன். அப்பா ஃபோன்ல எல்லாம் உங்க பேச்சுதான். நீங்க வந்தப்புறம்தான் வாய் வேகாம சாப்பிடறேன்னு சொல்லுவாரு."

அந்த இடத்தில் நானாக இருந்தால் நன்றியை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன். அக்கா பிடித்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"அம்மா, வாய் வேகக்கூடாதுன்னு நான்தான் குழம்போட சூட்டைக் குறைச்சு வெச்சேன். மதியத்துலேருந்து சாயங்காலம் வரைக்கும் குறைஞ்ச சூட்டுலயே இருந்ததால அதுல கிருமி பெருகிடுச்சு. அதைத்தான் அப்பாவுக்கு ஊட்டினேன். ரெண்டாவது தடவை கேட்டாரு, அதையும் ஊட்டினேன். சோதனை பண்ணிச் சொல்லிட்டாங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலைன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

மகள் அக்காவின் முகத்தையே பார்த்தாள். கோபப்படுவாள், கையை ஓங்குவாள் என்று நான் பயந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப... திராட்சை இல்லையா?"

"இல்லம்மா. திராட்சை இல்ல."

அவள் தையல் மெஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. அக்கா தோளைத் தொடக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. "சொன்னதுக்கு நல்லாயிருங்க. ஆனா, தயவுசெஞ்சு போயிடுங்க."

நாங்கள் வெளியே வந்தோம். தெருமுனை தாண்டும்வரை அந்த அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.